ஒரே கிரைண்டருக்கு இரண்டு துண்டறிக்கை

வியாசர்பாடியில் தவணைக்குக் கிரைண்டர் விற்கும் ஒரு கடைக்காக இரண்டு வாசகங்கள் எழுதினேன்.

முதலாவது: “அன்பு அம்மாக்களே! கணக்கு என்றால் பயமா? கவலை வேண்டாம்! சின்னச் சின்னத் தொகைதான்! நிபந்தனைகளுக்கு உட்பட்டது.”

இரண்டாவது: “கிரைண்டர் விலை 4,800 ரூபாய். இன்று 600 ரூபாய் கட்டி எடுத்துச் செல்லலாம். மீதியை மாதம் 700 ரூபாயாக 6 மாதத் தவணையில் கட்ட வேண்டும். வட்டி இல்லை. ஒரு மாதம் தவறினால் 50 ரூபாய் கூடும்.”

இரண்டிலும் வாக்கியங்கள் சிறியவைதான். ஆனால் முதலாவது வாசகரைக் குழந்தையாக்குகிறது. சீட்டுக் கட்டி, வட்டி கொடுத்து வாங்கிப் பழகிய பெண்ணிடம் ‘கணக்குப் பயம்’ பேசுவது அவமதிப்பு. அதைவிட மோசம், அவர் முதலில் தேடும் தொகையே அதில் இல்லை. அபராதமோ ‘நிபந்தனை’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவதில் ‘தவணை’ என்ற சொல்லைக்கூட விளக்கவில்லை. அது எல்லோரும் அறிந்த சொல், விளக்கினால்தான் உறுத்தும். பணம் கைமாறும் வரிசையிலேயே வாக்கியங்கள் செல்கின்றன. குறை ஒன்று உண்டு: ஈர்ப்பு குறைவு. அதற்குக் கிரைண்டரின் படம் போதும், ஆச்சரியக்குறிகள் வேண்டாம்.

சோதிக்கும்போது “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். “நாளை கிரைண்டர் எடுக்க வரும்போது எவ்வளவு கொண்டுவருவீர்கள்?” என்று கேளுங்கள். 600 என்ற பதில் வர வேண்டும்.