கறுப்பு அட்டை, மேட் லேமினேஷன், போன 27,000 ரூபாய்

பாலாற்றங்கரை ஊர்களைப் பற்றி நான் எழுதிய சிறு நூலின் 300 படிகள் நேற்று மாலை குடியாத்தத்தில் என் வீட்டிற்கு வந்து சேர்ந்தன. பெட்டியைப் பிரித்ததும் திகைத்துப்போனேன். யாருடைய கையும் படாத அந்தக் கறுப்பு அட்டைகளில் வெள்ளிக் கோடுகளும் பளபளக்கும் திட்டுகளும் நிறைந்திருந்தன. லாரிப் பயணத்தில் ஒன்றோடொன்று உரசியதே போதுமானதாக இருந்திருக்கிறது.

அட்டைமேல் ஒட்டும் மேட் பிலிமின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்களால் ஒளியைச் சிதறடிப்பதால்தான் மங்கலாகத் தெரிகிறது. உரசும்போது அந்த மேடுகள் நசுங்கி, அவ்விடம் மட்டும் பளபளப்பாகிவிடும். இதை நான் முன்பே அறிந்திருந்ததால், கீறல் தாங்கும் ஆன்டி ஸ்கஃப் மேட் பிலிம்தான் வேண்டும் என்று கேட்டு, அதற்கும் சேர்த்தே 27,000 ரூபாய் கட்டினேன். அச்சக உரிமையாளர் ஒரு மாதிரிப் புத்தகத்தை நீட்டி, "நகத்தால் கீறிப் பாருங்கள் சார்" என்றார். அழுத்திக் கீறியும் தடம் தெரியவில்லை. அந்த நொடியில் முழுமையாக நம்பிவிட்டேன். அந்த மாதிரியின் அட்டை இளமஞ்சள் நிறம் என்பது நேற்றிரவுதான் உறைத்தது. வெளிர்நிறத்தில் சாதாரண மேட் பிலிமிலும் கீறல் கண்ணுக்கு எளிதில் தெரியாது. கறுப்பிலும் கருநீலத்திலும்தான் அது காட்டிக்கொடுக்கும்.

இன்று காலை தொலைபேசியில் அழைத்தபோது, "லாரிக்காரர் கீழே போட்டிருப்பார்" என்றார். ஆன்டி ஸ்கஃப் பிலிம் எங்கே என்றதற்கு, "மேட் என்றாலே அப்படித்தான் சார், கையில் எடுக்க எடுக்கப் பழகிவிடும்" என்றார். மூன்றாவது அழைப்பை அவர் எடுக்கவில்லை. 27,000 ரூபாய் கட்டியவனுக்கு இதுதான் பதில்.

பளபளக்கும் கிளாஸ் லேமினேஷன் போட்டிருந்தாலும் மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கைரேகையைத் துணியால் துடைத்துவிடலாம், கறுப்பும் ஆழமாகவே நிற்கும். விளக்கொளியில் கண் கூசும். மழைக்காலத்தில் பிலிம் ஒட்டாத உட்பக்கம் மட்டும் ஈரத்தை உறிஞ்சி விரிவதால் அட்டை வெளிப்பக்கமாகச் சுருளும். இந்தச் சுருளல் மேட் பிலிமிலும் உண்டு. தொட்டால் வெல்வெட்டைப் போலிருக்கும் சாஃப்ட் டச் பிலிமோ, விரல் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு நாளடைவில் கறை காட்டும்.

ஒவ்வொரு மேற்பூச்சையும் விளக்கி எழுதவே உட்கார்ந்தேன்; கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. நீங்கள் புத்தகம் அச்சிடுவதாக இருந்தால், உங்கள் அட்டையின் கறுப்புப் பகுதியிலேயே பிலிம் ஒட்டிய ஒரு துண்டைக் கேளுங்கள். இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து இருபது முறை தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிலிமின் வகையை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். என் ரசீதில் "மேட்" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது, அதன் கீழே 27,000.