ஒரே எஃப்டியா, ஏணிப்படி எஃப்டியா?

5 லட்சத்தை ஐந்தாண்டு எஃப்டியில் 7% வட்டிக்குப் போட்டிருக்கிறீர்கள். 14ஆம் மாதம் 80,000 அவசரமாகத் தேவை. பல வங்கிகள் பகுதியாக எடுக்க விடுவதில்லை. முழுவதையும் உடைக்க வேண்டும். அப்போது, இருந்த காலத்துக்குரிய வட்டியில் அபராதம் கழிப்பார்கள். அது 6.5 கழித்தல் 1 என்றால் கிடைப்பது 5.5%தான். சுமார் 8,750 போச்சு.

அதையே லட்சம் லட்சமாக 1, 2, 3, 4, 5 ஆண்டுகளுக்குப் பிரித்திருந்தால்? முதல் படி 12ஆம் மாதமே முதிர்ந்திருக்கும்; அதை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருப்பீர்கள். அதை மட்டும் உடைத்தால் போதும். போவது அதிகபட்சம் இரண்டு மாத வட்டி, ஏறக்குறைய 1,170. மற்ற நான்கும் அசையாது.

குறுகிய படிகளுக்குத் தொடக்கத்தில் வட்டி சற்றுக் குறைவு என்பது உண்மை. பெரிய கோளாறு வேறு: தானியங்கிப் புதுப்பிப்பு பெரும்பாலும் பழைய காலத்துக்கே போடும். ஓராண்டுப் படி ஓராண்டாகவே சுழலும். முதிர்வுக்கு முன்பே ‘ஐந்தாண்டு’ என்று மாற்றிவிடுங்கள்.