கேஸ் மாத்திரை ஸஹருக்கா, நோன்பு திறக்கும்போதா?

ரமலான் பிறை தெரிய ஒரு வாரம் இருக்கும்போதே என் கிளினிக்கில் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். "காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரையை இனி எப்போது போடுவது, டாக்டர்?" கேட்பவர் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டு வந்திருப்பார்: ஸஹர் நேரத்தில் போட்டுவிட்டால் பகல் முழுவதும் காக்கும் அல்லவா? தமிழ்நாட்டில் நோன்பு ஏறத்தாழ 13 மணி நேரம் நீடிக்கிறது. அது தொடங்கும் முன் மாத்திரை உள்ளே போய்விட வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். ஆனாலும் நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது, நோன்பு திறக்கும்போது போடுங்கள் என்பதே.

காரணம் அந்த மாத்திரை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. பான்டோபிரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரந்து தள்ளும் நுண்ணிய பம்புகள் உண்டு. சும்மா இருக்கும் பம்பை இந்த மருந்து தொடாது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் பூட்டும். பம்புகளை ஓடவைப்பது உணவு. அதனால்தான் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு என்று சீட்டில் எழுதுகிறோம்: மருந்து இரத்தத்தில் ஏறும் வேளையும் பம்புகள் விழிக்கும் வேளையும் ஒன்றாக அமைய வேண்டும். சில மணி நேரத்தில் மருந்து உடலை விட்டு வெளியேறிவிடும். ஆனால் பூட்டப்பட்ட பம்பு பூட்டியபடியே கிடக்கும். உடல் புதிய பம்பை உருவாக்கியாக வேண்டும். ஆகவே இன்று மாலை போட்ட மாத்திரையின் பலன் நாளைப் பகலிலும் தொடர்கிறது. நாள்தோறும் தவறாமல் போட்டால் 3 முதல் 5 நாட்களில்தான் முழுப் பலன் கூடிவரும்.

இதைப் புரிந்துகொண்டால் நம் கேள்வியே மாறிவிடுகிறது. நோன்புக்கு எது நெருக்கமான நேரம் என்று பார்க்க வேண்டியதில்லை. எந்த உணவுக்கு முன்னால் அரை மணி நேர இடைவெளி உண்மையிலேயே கிடைக்கிறது, எந்த உணவு பெரியது, எந்த உணவுக்குப் பின் படுக்கிறோம் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஸஹரை எடுத்துக்கொள்வோம். அலாரம் நாலே காலுக்கு அடிக்கும். எழுந்து, முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து உட்காரும்போது நாலரை தாண்டியிருக்கும். ஐந்து மணியை ஒட்டி நேரம் முடிந்துவிடும். ஸஹரைப் பிந்தி உண்பது சிறப்பு என்பதால் கடைசி நேரம் வரை காத்திருப்பவர்களும் பலர். இதற்குள் மாத்திரைக்கு அரை மணி எங்கே கிடைக்கும்? நடப்பது என்னவென்றால், முதல் கவளத்தோடு மாத்திரையும் போகிறது. ஒரு நாள் அப்படிப் போனால் பாதகமில்லை. முப்பது நாளும் அப்படியே போனால், அரைகுறைப் பலனோடு மாதத்தை ஓட்டுகிறோம்.

நோன்பு திறக்கும் நேரம் இதற்கு நேர்மாறு. பாங்கு ஒலித்ததும் ஒரு பேரீச்சம்பழம், அரைத் தம்ளர் தண்ணீர், அதோடு மாத்திரை. பிறகு மஃரிப் தொழுகை. பள்ளிவாசலிலிருந்து வீடு வந்து சேர 25 முதல் 35 நிமிடம் ஆகிவிடும். தொழுகையே அந்த இடைவெளியைத் தந்துவிடுகிறது. அதன் பிறகு உட்கார்ந்து கஞ்சியும் சாப்பாடும். நாளின் பெரிய உணவு இதுதான். பம்புகள் அதிகம் விழிப்பதும் இப்போதுதான். பள்ளிவாசலிலேயே கஞ்சி குடிக்கும் வழக்கம் உள்ளவர்கள், அதைத் தூக்குவாளியில் வாங்கி வந்து வீட்டில் குடிக்கலாம்.

நேரத்தை மாற்றுவதென்றால் ரமலானுக்கு ஒரு வாரம் முன்பே காலை மாத்திரையை இரவு உணவுக்கு முன்னால் நகர்த்திவிடுவது நல்லது. முதல் நோன்பு அன்று மாற்றினால் முதல் சில நாட்கள் தடுமாறும். பலரும் மனம் தளர்வது அந்த நாட்களில்தான்.

ஸஹர் மாத்திரைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரவு சுகமாகக் கழிந்து, விடிந்தது முதல் நண்பகல் வரை மட்டுமே எரிச்சல் வருபவர்கள், முக்கால் மணி நேரம் முன்பே எழுந்து மாத்திரை போடும் ஒழுங்கு உள்ளவர்களாக இருந்தால், அவர்களுக்கு ஸஹர்தான் சரி. உணவுக்குழாயில் புண்ணாகிப்போனவர்களுக்குச் சில காலம் இரண்டு வேளையும் தேவைப்படும். அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

மற்ற மருந்துகளை விரைவாகப் பார்த்துவிடலாம். ஃபமோடிடின் உணவை எதிர்பார்க்காது. ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி 10 மணி நேரம் போல நிற்கும். ஆனால் தினமும் போட்டால் ஓரிரு வாரங்களில் பிடி தளர்ந்துவிடும். எப்போதாவது எரிச்சல் வருபவர்களுக்கும், முதன்மை மாத்திரைக்குத் துணையாகவும் அது பொருந்தும். இளஞ்சிவப்பு நிற ஆன்டாசிட் திரவம் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் நிற்பதே அரிது. ஸஹரில் இரண்டு மூடி குடித்துவிட்டு மாலை வரை காக்கும் என்று நம்புவது வீண். வோனோபிராசான் என்ற புதிய மருந்து இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. அதற்கு உணவுக்கு முன், பின் என்ற கட்டாயம் இல்லை என்பது நோன்பாளிகளுக்கு வசதி. ஆனால் பழைய மாத்திரை சரியான நேரத்தில் போட்டும் கேட்காதபோதுதான் நான் அதை நினைப்பேன்.

ஒரு தையற்காரரின் கதையைச் சொல்கிறேன். வயது 46. பல ஆண்டு எதுக்களிப்பு. பான்டோபிரசோல் 40 மில்லிகிராமில் அடங்கியிருந்தது. ரமலானின் ஆறாம் நாள் வந்தார். "மாத்திரையை ஸஹரில் விடாமல் போடுகிறேன், டாக்டர். ஆனாலும் தொண்டை வரை புளித்துக்கொண்டு வருகிறது. நோன்பை விட்டுவிட வேண்டுமா?" என்றார். எந்த நேரத்தில் எரிகிறது, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று மூன்று நாள் குறித்து வரச் சொன்னேன். குறிப்பைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. மதியம் முதல் மாலை வரை, அதாவது நோன்பின் கடினமான பகுதியில், அவருக்கு ஒன்றுமே இல்லை. எரிச்சல் வந்தது இரண்டு வேளைகளில்: நள்ளிரவை ஒட்டி, பிறகு காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள். நோன்பு திறந்ததும் மூன்று தம்ளர் சர்பத், கஞ்சி, வடை, சமோசா, தராவீஹ் முடிந்து பத்தரைக்கு பிரியாணி, பதினொன்றுக்குப் படுக்கை. ஸஹரில் இரவு மிஞ்சிய பரோட்டாவும் சால்னாவும். பஜ்ர் தொழுதுவிட்டு ஐந்தரைக்கு மீண்டும் படுக்கை. இரண்டு முறையும் நிறைந்த வயிற்றோடு படுத்திருக்கிறார். அவரைத் துன்புறுத்தியது பட்டினி அல்ல.

மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றினோம். முழுச் சாப்பாட்டை மஃரிபுக்குப் பின் ஏழு மணிக்கே, அளவாக முடித்துக்கொள்ளச் சொன்னேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு தராவீஹுக்கு நின்றால் ஒவ்வொரு ஸஜ்தாவிலும் அமிலம் மேலேறும். அதை அவரே உணர்ந்திருந்தார். பொரித்தது கிழமைக்கு இரண்டு நாள் மட்டும், ஏனெனில் எண்ணெய் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. தராவீஹுக்குப் பின் பசித்தால் ஒரு வாழைப்பழம். ஸஹரில் இட்லியோ, தயிர்ச் சோறோ, பாதி வயிறு. இவற்றில் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது பஜ்ருக்குப் பின் படுக்காமல் இருப்பது. ஏழு மணி வரை குர்ஆன் ஓதிவிட்டுப் பிறகு தூங்கினார்; கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கற்கள் வைத்துக்கொண்டார். இரவு எரிச்சல் ஐந்து நாட்களில் நின்றது. காலை எரிச்சல் குறைந்தது, முழுவதும் போகவில்லை; அதற்கு ஸஹரில் ஃபமோடிடின் 20 மில்லிகிராம் சேர்த்தேன். மாதத்தின் எஞ்சிய நோன்புகளை வைத்துவிட்டார்.

இதுவரை சொன்னது எதுக்களிப்புக்கு. குடற்புண்ணுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எதுக்களிப்பு வயிறு நிறைந்திருக்கும்போது தொல்லை தரும். சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண்ணோ பெரும்பாலும் வயிறு காலியாகும்போது வலிக்கும், சாப்பிட்டால் அடங்கும். மக்கள் இரண்டையும் "அல்சர்" என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் குழப்பம் வருகிறது. எண்டோஸ்கோபியில் ஆறாத புண் தெரிந்தாலோ, அண்மையில் இரத்தம் கசிந்திருந்தாலோ, ஸஹரா இஃப்தாரா என்ற ஒப்பீட்டுக்கே வேலையில்லை. அங்கே ஒப்பிட வேண்டியது, இப்போது வைப்பதா, ஆறிய பின் கழாவாக வைப்பதா என்பதைத்தான். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமே, 184, 185 ஆம் வசனங்களில், வழி விட்டிருக்கிறது. என் பதில் எப்போதும் இரண்டாவதுதான்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை போடுபவர்கள் அதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய கவலை. ஸஹரில் அதை விழுங்கிவிட்டு நாள் முழுவதும் வெறும் வயிற்றோடு இருப்பது, ஆறிய புண்ணையும் திறக்கும். இதய நோய்க்கான ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தவும் கூடாது. இரண்டையும் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, திடீரெனக் கத்தியால் குத்தியது போன்ற வலியோடு வயிறு பலகையாக இறுகுதல், வியர்வையோடு கைக்குப் பரவும் நெஞ்சு இறுக்கம்: இவற்றில் எது வந்தாலும் மஃரிபுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அது தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இராது.

ஒரு பெண்மணிக்கு ரமலானுக்குப் பன்னிரண்டு நாட்கள் முன்பு அப்படித்தான் மலம் கறுத்தது. சிறுகுடலின் தொடக்கத்தில் புண்; எச். பைலோரி கிருமியும் இருந்தது. ஒரு நோன்புகூட விட்டதில்லை என்று அழுதார். அந்தக் கண்ணீரை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் வைக்க வேண்டாம் என்றே சொன்னேன். 14 நாட்கள் கிருமிக்கான மருந்து, பிறகு அமில மாத்திரை, மொத்தம் 8 வாரங்கள். கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு முன் அமில மாத்திரையை 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். அதையும் பொறுமையாகச் செய்தார். பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தபின், விட்ட 30 நோன்புகளையும் திங்களும் வியாழனுமாக வாரம் இரண்டு வீதம் 15 வாரங்களில் வைத்து முடித்தார்.