குழுப் பரிசு: 11 பேர், 3 பொருள், எந்த வழியில் முடிவெடுப்பது?

பணி ஓய்வு பெறும் ஒருவருக்கு 11 பேர் சேர்ந்து பரிசு வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கைக்கடிகாரம், பயணப் பெட்டி, கிஃப்ட் கார்டு என்று மூன்று பேச்சு அடிபடுகிறது. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கடைசியில் யாரோ ஒருவர் "சரி, ஓட்டுப் போட்டுவிடலாம்" என்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் எப்படிப்பட்ட ஓட்டு என்று யாரும் கேட்பதில்லை. பல நேரங்களில் பரிசைத் தீர்மானிப்பதே அந்தக் கேட்காத கேள்விதான்.

அந்த 11 பேரின் மனதில் உள்ள வரிசை இது:

| எத்தனை பேர் | முதல் விருப்பம் | இரண்டாவது | கடைசி |
|---|---|---|---|
| 5 | கைக்கடிகாரம் | பயணப் பெட்டி | கிஃப்ட் கார்டு |
| 4 | கிஃப்ட் கார்டு | பயணப் பெட்டி | கைக்கடிகாரம் |
| 2 | பயணப் பெட்டி | கிஃப்ட் கார்டு | கைக்கடிகாரம் |

இதே அட்டவணையை வைத்துக்கொண்டு மூன்று பொருளில் எதை வேண்டுமானாலும் நேர்மையாகவே ஜெயிக்க வைக்கலாம். யாரும் மனதை மாற்ற வேண்டாம், எண்ணும் முறையை மாற்றினால் போதும்.

ஆளுக்கு ஒரு ஓட்டு

கை தூக்கச் சொன்னால் கைக்கடிகாரத்துக்கு 5, கார்டுக்கு 4, பெட்டிக்கு 2. கைக்கடிகாரம் ஜெயித்தது. வேகமான வழி, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அட்டவணையின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். மீதி 6 பேரும் கைக்கடிகாரத்தைத்தான் கடைசியில் வைத்திருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் இருப்பதிலேயே வேண்டாம் என்று நினைக்கும் பொருளுக்கு அவர்களே பணம் போடப் போகிறார்கள். பணம் வசூலிக்கும்போது இழுபறி தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் இருப்பவர் கஞ்சன் என்று நினைக்க வேண்டாம், தோற்ற பக்கத்தில் இருப்பவராகவும் இருக்கலாம்.

யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லையே என்று கடைசியில் வந்த பெட்டியை நீக்கிவிட்டு மறு ஓட்டுப் போட்டால், பெட்டி கேட்ட 2 பேரும் கார்டுக்குப் போவார்கள். கார்டு 6, கைக்கடிகாரம் 5. இப்போது கார்டு ஜெயித்தது. இது கொஞ்சம் நியாயமாகத் தெரியும். ஆனால் 11 பேரில் ஒருவர்கூடக் கடைசியில் வைக்காத ஒரே பொருளான பெட்டி முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. பலருடைய இரண்டாவது விருப்பமாகவும் சிலருடைய முதல் விருப்பமாகவும் மட்டும் இருக்கும் பொருளுக்கு இந்த முறையில் பெரும்பாலும் இதுதான் கதி.

வரிசைப்படுத்தி மதிப்பெண் போடுவது

முதல் இடத்துக்கு 2, இரண்டாம் இடத்துக்கு 1, கடைசிக்குச் சுழியம். இப்படி எண்ணினால் பெட்டிக்கு 13, மற்ற இரண்டுக்கும் தலா 10. பெட்டி ஜெயித்தது. இந்த மதிப்பெண் முறையை 1770-இல் பிரெஞ்சு அறிஞர் போர்தா பாரிஸ் அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். 1785-இல் இன்னொரு பிரெஞ்சு அறிஞர் கோந்தர்சே வேறு வழி சொன்னார்: இரண்டிரண்டாக மோதவிடு, எல்லா மோதலிலும் ஜெயிப்பதை எடு. அப்படிப் பார்த்தாலும் பெட்டிதான். கைக்கடிகாரத்தை 6-க்கு 5 என்றும், கார்டை 7-க்கு 4 என்றும் வெல்கிறது.

அப்படியானால் மதிப்பெண் முறையே சிறந்தது என்று முடித்துவிடலாமா? பரிசு விஷயத்தில் முடியாது. கைக்கடிகாரக் கட்சிக்காரர் ஒருவர் பட்டியலில் இன்னொரு மாடல் கைக்கடிகாரத்தையும் சேர்க்கிறார் என்று வையுங்கள். முதல் மாடலைவிட எல்லோருக்கும் கொஞ்சம் குறைவாகவே பிடித்த மாடல் அது. இப்போது நான்கு பொருள்கள், மதிப்பெண் 3, 2, 1, 0. கூட்டிப் பார்த்தால் முதல் கைக்கடிகாரத்துக்கு 21, பெட்டிக்கு 19. யாருடைய விருப்பமும் மாறவில்லை, ஒரு மாடல் கூடியதும் முடிவு புரண்டுவிட்டது. காரணம் எளிது. கைக்கடிகாரம் பிடித்த 5 பேரும் முதல் இரண்டு இடத்தையும் கைக்கடிகாரத்துக்கே கொடுத்ததால், அவர்கள் வரிசையில் பெட்டி ஒரு படி கீழே தள்ளப்பட்டது.

ஆளுக்கு ஒரு ஓட்டு முறையில் இது தலைகீழாக நடக்கும். அங்கே இரண்டு மாடல் இருந்து, 5 பேரில் 2 பேருக்கு இரண்டாவது மாடலே அதிகம் பிடித்துவிட்டால் 5 ஓட்டும் 3, 2 என்று பிரிந்து, 4 வாங்கிய கார்டு முந்திவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ஓட்டுக்கு விடும் பட்டியலில் ஒரு வகைக்கு ஒரு வரி மட்டும் இருக்கட்டும். மாடல், நிறம், அளவு எல்லாம் வகை முடிவான பிறகு வாங்கப் போகிறவர் பார்த்துக்கொள்வார். ஒரே பொருளின் நான்கு இணைப்புகளைக் குழுவில் போட்டுவிட்டு "எது பிடிச்சிருக்கு?" என்று கேட்பது விவாதத்தை நீட்ட மட்டுமே உதவும்.

சம்மதம் எல்லாவற்றுக்கும் டிக்

மூன்றாவது வழி இன்னும் எளியது. எந்தெந்தப் பொருளுக்குப் பணம் போடச் சம்மதமோ அதற்கெல்லாம் டிக் போடலாம். அதிக டிக் வாங்கியது வாங்கப்படும். நம் 11 பேரும் முதல் இரண்டு விருப்பத்துக்கு டிக் போட்டால் பெட்டிக்கு 11, கார்டுக்கு 6, கைக்கடிகாரத்துக்கு 5. இன்னொரு கைக்கடிகார மாடலைப் பட்டியலில் நுழைத்தாலும், பெட்டிக்குச் சம்மதித்தவர்கள் டிக்கை எடுக்காதவரை அதன் 11 குறையாது.

இதன் பலவீனம் வேறு. கைக்கடிகாரக்காரர்கள் 5 பேரும் பேசி வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்துக்கு மட்டும் டிக் போட்டால் பெட்டி 6, கார்டு 6 என்று சமமாகிவிடும். அப்போதும் அவர்கள் ஜெயிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் தங்களுக்குப் பிடித்த இரண்டாவது பொருளையும் பாதி தோற்கடித்துவிட்டார்கள். இதைத் தடுக்க, கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "எது பிடிக்கும்?" என்று கேட்டால் மனம் ஒன்றில்தான் நிற்கும். "எதுவெல்லாம் வாங்கினால் மனக்குறை இல்லாமல் பணம் போடுவீர்கள்?" என்று கேட்டால் இரண்டு மூன்று டிக் விழும்.

வாட்ஸ்அப் குழுவில் செய்வதாக இருந்தால், வாக்கெடுப்பை உருவாக்கும்போது `Allow multiple answers` என்பது திறந்திருக்க வேண்டும். அதை அணைத்துவிட்டால் பழைய ஆளுக்கு ஒரு ஓட்டாகிவிடும். அங்கே யார் எதற்குப் போட்டார் என்பது வழக்கமாக எல்லோருக்கும் தெரியும். மேலதிகாரியோ குடும்பத்தில் மூத்தவரோ முதலில் டிக் போட்டால் மற்றவர்கள் அதையே பின்தொடர்வார்கள். அப்படிப்பட்டவர் இருக்கும் குழுவில், ஒருங்கிணைப்பவருக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பச் சொல்வது நல்லது. 11 செய்தியை எண்ண ஐந்து நிமிடம்கூட ஆகாது.

தெரிந்தவரிடம் விட்டுவிடுவது

டிக் முறையின் உண்மையான குறை இதுதான்: யாரும் ஆட்சேபிக்காத பொருளைக் கண்டுபிடிக்கும், பெறுபவர் மனம் துள்ளும் பொருளைக் கண்டுபிடிக்காது. 11 பேருக்கும் சம்மதமான பெட்டி பெறுபவருக்கு வெறும் பெட்டியாக இருக்கலாம். பெறுபவரோடு தினமும் பழகும் ஒருவர் குழுவில் இருந்தால், ஓட்டே வேண்டாம். தொகையையும், இரண்டே இரண்டு நிபந்தனையையும் (மாற்றிக்கொள்ள முடிய வேண்டும், இந்தத் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும்) அவரிடம் கொடுத்து வாங்கச் சொல்வதே மேல். ஆனால் "தெரிந்தவர்" என்பதற்கு ஒரு சோதனை வையுங்கள். பெறுபவர் அண்மையில் எதை வாங்க நினைத்துத் தள்ளிப்போட்டார் என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அவரும் மற்ற 10 பேரைப் போல ஊகிப்பவர்தான்.

பெறுபவரையே கேட்டால் ஆச்சரியம் போய்விடும் என்று பலர் தயங்குவார்கள். ஜீனோ, ஃப்ளின் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்ட பொருள் கிடைத்தவர்கள் கேட்காத பொருள் கிடைத்தவர்களைவிட அதிகம் பாராட்டினார்கள். கொடுப்பவர்களோ, கேட்காமல் தேர்ந்தெடுத்ததும் அதே அளவு மதிக்கப்படும் என்று நினைத்தார்கள். தகராறு பெரிதாக இருந்தால், ஓட்டுக்குப் போகும் முன் பெறுபவரிடமோ வீட்டில் இருப்பவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே குறுக்குவழி.

தொகையைப் பாதியாகப் பிரித்து இரண்டு கட்சிக்கும் ஒவ்வொரு பொருள் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதி விலைக் கைக்கடிகாரம் பாதி நல்ல கைக்கடிகாரம் அல்ல, பெரும்பாலும் எடுத்து வைத்துவிடும் கைக்கடிகாரம். ஒரு பொருளுக்கு ஐந்தில் நான்கு பங்கு, மீதியில் எல்லோரும் கையெழுத்திட்ட சின்னத் துணைப் பரிசு என்றால் மட்டும் அது சரிவரும்.

எந்த முறையானாலும் ஓட்டுக்கு முன் இரண்டு வேலை

பொருளைப் பற்றிய சண்டை போலத் தெரிவதில் ஒரு பங்கு பணத்தைப் பற்றியது. அதனால் தொகையை முதலில் முடியுங்கள். ஒவ்வொருவரும் அதிகபட்சம் எவ்வளவு போட முடியும் என்பதை ஒருங்கிணைப்பவரிடம் மட்டும் தனியாகச் சொல்லட்டும். 3 பேர் தலா 5, 6 பேர் தலா 10, 2 பேர் தலா 20 என்று சொன்னால் மொத்தம் 115. எல்லோரும் சமமாகத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 5-க்கு மேல் போக முடியாது, மொத்தம் 55-இல் நின்றுவிடும். 10 என்று வைத்தால் அந்த 3 பேரும் கடன்பட்டதுபோல் கொடுப்பார்கள் அல்லது நழுவுவார்கள். எனவே மொத்தத்தை மட்டும் குழுவில் சொல்லுங்கள், தனித்தனித் தொகையை வெளியிட வேண்டாம். பொதியல், அனுப்பும் செலவு என்று பத்தில் ஒரு பங்கு ஒதுக்கிவிட்டு, 103-க்குள் அடங்கும் பொருள்களை மட்டும் பட்டியலில் வையுங்கள். அதிகம் போட்டவருக்கு அதிக ஓட்டு என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 20 போட்டவருக்குப் பெறுபவரைப் பற்றி நான்கு மடங்கு தெரியும் என்று பொருளில்லை.

அடுத்தது தடை உரிமை. பெறுபவரைப் பற்றிய உண்மையைச் சொன்னால் மட்டும் ஒருவர் ஒரு பொருளைப் பட்டியலில் இருந்து எடுக்கலாம்: ஏற்கெனவே இருக்கிறது, அலர்ஜி, அளவு சேராது, வைக்க இடமில்லை. "எனக்குப் பிடிக்கலை", "அது சாதாரணமா இருக்கு" என்பதெல்லாம் டிக் போடாமல் விடுவதற்கான காரணங்கள், தடைக்கான காரணங்கள் அல்ல. இந்தக் கோட்டை முன்கூட்டியே போடாத குழுவில் ஒருவரே மூன்று பொருளையும் வெட்டிவிடுவார்.

பெட்டி 6, கார்டு 6 என்று சமமாக நின்றுவிட்டால் மறு ஓட்டு வைக்காதீர்கள். எண்ணிக்கை தெரிந்த பிறகு போடும் ஓட்டில் எல்லோரும் தங்களுடையதற்கு மட்டுமே டிக் போடுவார்கள். பெறுபவரை அதிகம் தெரிந்தவர் அந்த இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும், அன்றே ஆர்டர் போய்விட வேண்டும்.