உயரமான கூடத்தின் முழக்கத்தைக் குறைக்கத் தரைவிரிப்பா, திரைச்சீலையா, சோபாவா?

இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்துவிட்ட கூடம் இப்போது கட்டப்படும் வீடுகள் பலவற்றில் உண்டு. குடிபுகுந்த முதல் வாரத்திலேயே சமையலறையிலிருந்து கூப்பிடும் குரல் குழம்பிப்போகிறது; தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டக் கூட்ட வசனம் இன்னும் புரியாமல் போகிறது. இதை எதிரொலி என்கிறோம். ஆனால் 6 மீட்டர் உயரக் கூரையை எட்டித் திரும்ப ஒலிக்கு நொடியில் முப்பதில் ஒரு பங்கே ஆகிறது. தனியாகக் காதில் விழ அந்த இடைவெளி போதாது. நம்மைத் தொல்லைப்படுத்துவது, நூற்றுக்கணக்கான திரும்பல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதால் எழும் எதிர்முழக்கம்.

இதற்கும் மெத்தைக்கும் உள்ள உறவு பழையது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரை அறை ஒன்றில் பேச்சே புரியாமல் போனபோது, அங்கே இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் முழக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று இரவுகளில் அளந்தார். அந்த அளவுகளிலிருந்து பிறந்த சூத்திரம் T = 0.161 × V ÷ A என்பது. T முழக்கம் அடங்கும் நொடிகள், V அறையின் கன அளவு, A ஒலியை உறிஞ்சும் பரப்பு, அதாவது ஒவ்வொரு பொருளின் பரப்பையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது.

6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 180 கன மீட்டர். விட்ரிஃபைட் டைல்ஸும் பட்டி பார்த்த சுவரும் ஏறத்தாழ எதையும் உறிஞ்சாதவை. கதவு, ஜன்னல், மரப்படி எல்லாம் சேர்த்து உறிஞ்சும் பரப்பு 8 சதுர மீட்டர் என்று கொண்டால், முழக்கம் 3.6 நொடி நீடிக்கும். பேச்சு தெளிவாகக் கேட்க அது ஒரு நொடியை ஒட்டி வர வேண்டும்.

பெரும்பாலோர் முதலில் வாங்குவது தரைவிரிப்பு. இரண்டுக்கு மூன்று மீட்டர் அளவில், அடியில் ஃபெல்ட் விரித்த தடித்த கார்ப்பெட் கூட்டுவது சுமார் 2 சதுர மீட்டர்தான், முழக்கம் 2.9 நொடிக்கு இறங்கும். மெல்லிய ஜமுக்காளம் இதில் பாதிகூடத் தராது.

திரைச்சீலையின் கணக்கு வேறு, ஆனால் அதைத் தொங்கவிடும் விதத்தில்தான் முழுப் பலனும் இருக்கிறது. 3 மீட்டர் அகல ஜன்னலுக்கு லிண்டல் உயரத்தில் கம்பி போட்டால், கனமான துணியும் 3 சதுர மீட்டர் அளவுக்கே உறிஞ்சும். அதே துணியைக் கூரைக்குச் சற்றுக் கீழிருந்து தரைவரை 5.5 மீட்டர் இறக்கினால் அது 8 ஆகிறது. முழக்கம் பாதியாகி 1.8 நொடியில் நிற்கும். மேல் சுவர்கள் முழுவதும் வெறுமையாக இருக்கும் கூடத்தில், கீழே மட்டும் துணியைக் குவிப்பதால் ஒலி மேலேயே நெடுநேரம் சுழலும். உயரத்துக்குப் பணம் கொடுப்பது வீண் அல்ல என்பதற்கு இதுவே என் காரணம். துணியின் அகலம் ஜன்னலைப் போல இரண்டு மடங்கு இருந்து, மடிப்பு மடிப்பாக, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளித் தொங்க வேண்டும். இழுத்துவிட்ட திரைதான் வேலை செய்யும். பகலில் ஓரம் ஒதுக்கினால் பலன் பெரிதும் குறைந்துவிடும். வெளிச்சம் தேவைப்படும் ஜன்னலைவிட எதிரிலுள்ள வெற்றுச் சுவரில் ஒரு திரையைத் தொங்கவிடுவது பல வீடுகளுக்குப் பொருந்தும்.

துணி உறையிட்ட சோபா ஒரு செட் சுமார் 3 சதுர மீட்டர் தரும். ரெக்சின் உறையில் உயர்ந்த சுருதி ஒலிகள் வழுக்கித் திரும்பிவிடுவதால், வாங்கும்போதே துணியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒரு மனிதரும் ஏறத்தாழ அரை சதுர மீட்டர் உறிஞ்சுகிறார். விருந்தாளிகள் நிறைந்த நாளில் கூடம் அமைதியாகத் தோன்றுவது அதனால்தான்.

மூன்றையும் சேர்த்தால் முழக்கம் 1.4 நொடி. ஆனாலும் கை தட்டிப் பாருங்கள். கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை தட்டும்போது ‘டர்ர்’ என்ற நடுக்கம் கேட்டால், எதிரெதிரான இரண்டு வெற்றுப் பரப்புகளுக்கிடையே ஒலி பந்தாடுகிறது என்று பொருள். இங்கேதான் சிறிய கார்ப்பெட் தன் கணக்குக்கு மேல் உதவுகிறது: நீங்கள் அமரும் இடத்துக்கு அடியில் விரித்தால், தரைக்கும் கூரைக்கும் இடையிலான ஆட்டம் அங்கே அறுபடும். சுவர்களிலும் அப்படியே, எதிரெதிர் இணையில் ஒன்றை மூடினால் போதும். ஒரே சுவரில் இரண்டு திரைகளும் மற்ற இணைக்கு ஒன்றுமில்லாமலும் விடுவது வழக்கமான பிழை.

திரைச்சீலையை முதலிலும், துணி சோபாவை அடுத்தும், கார்ப்பெட்டை மூன்றாவதாகவும் செலவுக்கு வரிசைப்படுத்துவேன். இவை எல்லாம் முடிந்த பிறகும் மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் தடித்த ஆண்குரலும் ‘கும்’ என்று நின்றால் துணியை மேலும் கூட்டாதீர்கள். அந்தத் தாழ்ந்த ஒலிகளை மெல்லிய பொருள் பிடிக்காது. பாறையை உருக்கி இழையாக்கிய ராக்வூலை 10 சென்டிமீட்டர் தடிமனில் துணியில் பொதிந்து, சட்டத்தில் பூட்டி, மேல் சுவரில் சற்று இடைவெளிவிட்டு மாட்டுவதே அதற்கு வழி.