பரண் சட்டம்: சுவருக்குள் புதைப்பதா, கட்டை அடித்து மேலே உட்கார வைப்பதா?

திருநகரில் எங்கள் பழைய வீட்டின் சாமான் அறை ஏழடி அகலம். பின்சுவரை ஒட்டி நாலடி ஆழத்துக்கு ஒரு பரண் வேண்டும். பித்தளை அண்டா, கொலுப் படி, மெத்தை எல்லாம் ஏற்ற வேண்டியவை. கான்கிரீட் ஸ்லாப், கடப்பா கல் இரண்டும் குடியிருக்கும் வீட்டில் பெரிய வேலை என்று விட்டுவிட்டோம். மரச் சட்டமும் பிளைவுட்டும் என்று முடிவானது. சட்டம் நாலுக்கு இரண்டு அங்குலத்தில் நான்கு, 16 அங்குலத்துக்கு ஒன்று. ஏழடி நீளத்துக்கு வைரம் பாய்ந்த வேம்பு அந்த அளவில் தாராளமாகத் தாங்கும். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பேச்சு வந்தது சட்டத்தின் நுனியைச் சுவரில் எப்படி நிறுத்துவது என்பதில்தான். ஆசாரி சுவரில் பொந்து வெட்டி நுனியை உள்ளே விட்டுப் பூசிவிடலாம் என்றார். "உள்ள விட்டுட்டா ஆடவே ஆடாதுண்ணே, எங்க அப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான்." நான் கேட்டது வேறு: இரு பக்கச் சுவரிலும் ஒரு தாங்கு கட்டையைப் போல்ட் போட்டு இறுக்கி, சட்டங்களை அதன் மேல் உட்கார வைப்பது. கடைசியில் இதைத்தான் செய்தோம். இன்னொருவர் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆசாரி சொன்னதில் நியாயம் இருக்கிறது. பொந்தில் உட்கார்ந்த சட்டத்தின் பாரம் நேராகச் செங்கல் மேல் இறங்குகிறது. போல்ட் பிடிக்குமா, நழுவுமா என்ற கவலையே இல்லை. ஆனால் சுவர் எழும்பும்போதே சட்டத்தை வைத்துக் கட்டியவர்களின் முறை அது. எழுந்து நிற்கும் சுவரில் செய்யும்போது ஒரு சிக்கல் வருகிறது. இரு பக்கமும் நாலு அங்குலம் உள்ளே போக வேண்டுமானால் சட்டம் ஏழடி எட்டு அங்குலம் இருக்க வேண்டும். அதை ஏழடி அறைக்குள் எப்படி நுழைப்பது? ஒரு பக்கப் பொந்தை எட்டு அங்குல ஆழம் வெட்டி, சட்டத்தை முழுக்க உள்ளே தள்ளி, எதிர்ப் பொந்துக்கு நேராக வந்ததும் நாலு அங்குலம் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரில் எட்டு அங்குலம் வெட்டினால் மிஞ்சுவது ஒரு அங்குலம். அப்படி நான்கு இடத்தில். நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்தால் நினைத்தே பார்க்க வேண்டாம்.

இதைக்கூடக் கொத்தனாரை வைத்துச் சமாளிக்கலாம். என் மனதைத் தீர்மானித்தது செல்லூரில் மாமா வீட்டில் பார்த்தது. அங்கே பரண் ஒரு மூலையில் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. கீழிருந்து பார்த்தால் சட்டத்தில் ஒரு கீறல் இல்லை, வார்னிஷ்கூட மங்கவில்லை. பூச்சைத் தட்டி எடுத்ததும் உள்ளே இருந்த நுனி கையோடு வந்தது. மேல்தோல் மட்டும் காகிதம் போல நின்றது, உள்ளே முழுக்க ஈர மண். கரையான் சுவரின் உள்பக்கமாகவே ஏறி, பொந்துக்கு வந்து, அங்கிருந்து மரத்துக்குள் போயிருக்கிறது. அது மேற்குப் பார்த்த வெளிச்சுவர். ஐப்பசி கார்த்திகை மழையில் குடிக்கும் ஈரம் பொந்துக்குள் வந்து நிற்கும், காற்று போகாது. கரையானுக்கு வேண்டியது அதுதான். பழைய ஆட்கள் நுனியில் தார் பூசி, சுற்றிலும் கொஞ்சம் காற்றிடம் விட்டு வைத்தார்கள். இப்போது அவசரத்தில் சிமென்ட் கலவையை அடைத்து மூடிவிடுகிறார்கள்.

முழுப் பாரமும் சுவரில் இறங்குவது நுனி வழியாகத்தான். அந்த நுனி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஆண்டுக்கொரு முறை பரணைப் பார்க்கிறோம் என்றால் நுனியைத்தானே பார்க்க வேண்டும்?

தாங்கு கட்டை முறையில் கவனம் முழுக்கப் போல்ட்டில் இருக்க வேண்டும். பலகை, சாமான், ஏறி நிற்கும் ஆள் எல்லாம் சேர்ந்து 400 கிலோ என்று வைத்தேன். பக்கத்துக்கு 200. பக்கத்துக்கு நான்கு போல்ட், அதாவது ஒன்றுக்கு ஐம்பது கிலோ. துளைக்குள் விரிந்து பிடிக்கும் ரால் போல்ட், 10 மி.மீ., நல்ல செங்கலில் ஊன்றினால் அதற்கு அது பெரிய சுமை இல்லை. ஆனால் செங்கலில் ஊன்ற வேண்டும், இணைப்புக் கலவையில் அல்ல. டிரில் போடும்போது விழும் தூளைப் பாருங்கள்: சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பலோ வெள்ளையோ வந்துகொண்டே இருந்தால் கலவை. முதல் அரை அங்குலம் பூச்சுத் தூள், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எங்களுக்கு இரண்டு துளை கலவையில் இறங்கிவிட்டது. அவற்றை அடைத்துவிட்டு ஒன்றரை அங்குலம் மேலே புதிதாகப் போட்டோம். போல்ட்டுகள் மேலும் கீழுமாக மாறி மாறி வந்தால் நல்லது, எல்லாம் ஒரே வரிசைச் செங்கலில் விழாது. நீளம் ஐந்தரை அங்குலம் எடுத்தோம்: கட்டைக்கு இரண்டு, பூச்சுக்கு அரை, செங்கலுக்குள் இரண்டரை, மீதி நட்டுக்கும் வாஷருக்கும். இறுக்கும்போது நட் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் போல்ட் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதை நம்பிச் சாமான் ஏற்றக் கூடாது.

சட்டத்தை அரை அங்குலம் குட்டையாகவே அறுக்க வேண்டும். இரு பக்கமும் கால் அங்குலம் இடைவெளி இருந்தால் சுவர் ஈரம் நுனியைத் தொடாது. பின்னால் கழற்ற வேண்டி வந்தால் ஒரு முனையைத் தூக்கிச் சாய்த்து எடுத்துவிடலாம். பழைய சுவர் நேராக இருக்காது, அதனால் நான்கு சட்டத்துக்கும் தனித்தனியாக அளவெடுத்தோம். முதலுக்கும் நான்காவதுக்கும் அரை அங்குலம் வித்தியாசம். அறுத்த முகங்களிலும் தாங்கு கட்டையின் முதுகிலும் கரையான் மருந்தை இரண்டு கை அடித்துக் காய வைத்த பிறகே மேலே ஏற்றினோம். சட்டத்தை கட்டையோடு பிடிக்க எல் வடிவ இரும்புக் கிளிப், ஸ்க்ரூ. ஆணி எங்கும் இல்லை.

பிளைவுட் 18 மி.மீ., ஈரம் தாங்கும் 710 முத்திரை போட்டது, எட்டுக்கு நாலு ஒரே ஷீட். அதன் மேல்நரம்பு எட்டடி நீளத்தில் ஓடும், பரணிலோ அது சட்டங்களுக்குக் குறுக்கே ஓடினால்தான் பலம். ஷீட்டை நடுவில் வெட்டி நாலடிக்கு மூன்றரை அடியாக இரண்டு துண்டாக்கினால் அது சரியாக வந்துவிடுகிறது, மேலே தூக்கவும் சுலபம். இரண்டும் சேரும் இடத்துக்கு அடியில் சட்டங்களுக்கு இடையே குட்டைக் கட்டைகள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓரம் மிதிக்கும்போது அமுங்கும்.

நான் சொல்வது பூச்சு உறுதியான செங்கல் சுவருக்கு. உள்ளீடற்ற பிளாக் சுவரில் நான் செய்து பார்த்ததில்லை. அதில் சாதாரண ரால் போல்ட் விரிந்து பிடிக்க இடமிருக்காது. சுண்ணாம்புக் காரை உதிரும் இரண்டடிச் சுவராக இருந்தால் ஆசாரி சொன்ன பொந்துதான் நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது. அத்தனை கனமான சுவரில் எட்டு அங்குலம் வெட்டுவதும் பெரிய விஷயமில்லை. தாங்கு கட்டையின் முதுகு மறைவாகத்தானே இருக்கிறது என்று கேட்டால், ஆமாம், அது இந்த முறையின் குறைதான். சாமானை இறக்கி, அடியில் முட்டுக் கொடுத்து, நட்டைத் தளர்த்தினால் பார்த்துவிடலாம் என்பது மட்டும் ஆறுதல்.

மூன்று ஐப்பசி போய்விட்டது. போன ஆண்டு மூன்றாவது சட்டத்தின் நுனிக்கு நேர் கீழே தரையில் மைதா மாவு போல மெல்லிய தூள் கிடந்தது. கரையான் இல்லை, மரத்தைத் துளைக்கும் வண்டு. ஏணி போட்டு டார்ச் அடித்துப் பார்த்ததில் நுனியின் ஓரத்தில் வெளிர் மரம் ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது, அதில் ஊசித் துளைகள். சட்டம் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் கவனிக்காமல் விட்ட, வைரம் பாயாத ஓரம். சாமானை இறக்கி, பிளைவுட் ஸ்க்ரூக்களைக் கழற்றி, அந்த ஒரு சட்டத்தை மட்டும் சாய்த்து எடுத்தோம். முழுக்க வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்கி மருந்தடித்து வைத்தோம். காலையில் ஆரம்பித்த வேலை, மாலை விளக்கு வைப்பதற்குள் அண்டா மறுபடி மேலே ஏறிவிட்டது. சுவரில் ஒரு பூச்சு உதிரவில்லை.