ஃப்ரீ த்ரோ: உடலுக்குக் கட்டளையா, கண்ணுக்குக் குறியா?

கூடைப்பந்தில் யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவை, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் என்று ஒவ்வோர் உறுப்பையும் திருத்திக் கற்பிப்பது ஒரு முறை. "வளையத்தின் பின்விளிம்பைத் தாண்டாமல் மேலிருந்து இறக்கு" என்று ஒரே குறிப்பைத் தந்து, மாறாத முன்தயாரிப்போடு எறியச் செய்வது மற்றொன்று. பந்து இடமும் வலமும் விலகும் புதியவருக்கு முதல் முறை தேவைதான், ஏனெனில் வெளியே விரியும் முழங்கையை அவரால் தானே உணர முடியாது.

ஆட்டத்தில் இரண்டாவதையே நான் தேர்வேன். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி நடுவர் பந்தைத் தந்தபின் 5 விநாடிக்குள் எறிய வேண்டும்; பாதத்தை நிறுத்தி, இருமுறை தட்டி, ஒரு மூச்சு விட்டு, விளிம்பைப் பார்த்து எறிய அது போதும், உறுப்புகளை எண்ணிப்பார்க்கப் போதாது. களைத்தபின் பந்து வளையத்தின் முன்விளிம்பில் தொடர்ந்து மோதினால், கையைத் திருத்தாமல் "காலால் எழு" என்று மட்டும் சொல்லலாம்.